வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு பணப் பக்கம்

சென்னையில் இறங்கி மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், மதுரை என்று பத்துப் பன்னிரண்டு நாள் சுற்றிப் பார்க்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலா நிறுவனங்கள் முதல் நாளிலேயே ஒரு குறிப்புத்தாள் கொடுப்பதுண்டு. எந்த நாள் எந்த ஊர், கோயிலுக்கு என்ன உடை, எந்தத் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் அதில் விரிவாக இருக்கும். பணத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய், ஒரு யூரோவுக்கு இத்தனை ரூபாய். அந்த வரி பயணிக்கு உதவுவதைவிட அவரைக் குழப்புவதே அதிகம். தாளில் உள்ள விலை எந்தக் கவுன்டரிலும் அவருக்குக் கிடைக்காது. கிடைக்காதபோது தம்மை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பார். அந்தச் சந்தேகம் போய் விழுவது பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் மீது.

நாளிதழிலும் இணையத்திலும் வரும் மாற்று விகிதம் வங்கிகள் ஒன்றுக்கொன்று பெருந்தொகையில் வாங்கி விற்கும்போது நிலவும் நடு விலை. தனி ஆள் கையில் நூறு யூரோ நோட்டோடு போனால் அந்த விலை கிடைக்காது. நகைக்கடையில் பழைய தங்கத்தை எடுக்கும் விலையும் புது நகை விற்கும் விலையும் வேறாக இருப்பதுபோல, நாணயமாற்று நிலையத்திலும் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கடைக்காரருக்கு வருமானம். பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருப்பதால் பயணி தமக்குச் சாதகமான எண்ணையே பார்த்து வைத்துக்கொள்கிறார். யூரோவைக் கொடுத்து ரூபாய் வாங்கும்போது யூரோவை ‘வாங்குபவர்’ கடைக்காரர். ஆகவே பயணி பார்க்க வேண்டியது வாங்கும் விலையை, அதாவது இரண்டில் குறைந்ததை. குறிப்புத்தாளில் முதலில் இடம்பெற வேண்டியது இந்த ஒரு விளக்கம்.

அடுத்தது ‘கமிஷன் கிடையாது’ என்ற பலகை. அது பொய்யல்ல, தனியாகக் கமிஷன் வாங்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தொகை விலைக்குள்ளேயே இருக்கிறது. எனவே கவுன்டரில் விகிதத்தையோ கமிஷனையோ கேட்பதைவிட, ‘நூறு யூரோ கொடுத்தால் எல்லாம் போக என் கைக்கு எத்தனை ரூபாய் வரும்?’ என்று கேட்பதே சரி. இரண்டு இடங்களில் இதே கேள்வியைக் கேட்டு, வந்த எண்களை ஒப்பிட்டால் போதும்.

கணக்கு எளிதாக இருக்க, நடு விலை ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜெர்மானியத் தம்பதி 300 யூரோவோடு விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். அங்குள்ள கவுன்டரில் வாங்கும் விலை 92 என்றால் 27,600 ரூபாய். நகரத்திலுள்ள கடையில் 98 ரூபாய் 50 காசு என்றால் 29,550 ரூபாய். இரண்டிலும் ஜி.எஸ்.டி. உண்டு. மாற்றிய மொத்தத் தொகைக்கு வரி போடுவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையின் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புக்கு 18 சதவீதம் வரி என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆகவே வரி முதல் இடத்தில் ஏறக்குறைய 50 ரூபாய், இரண்டாவது இடத்தில் 53 ரூபாய். கைக்கு வருவது முறையே 27,550, 29,497. ஒரே நோட்டுகளுக்கு ஏறத்தாழ 1,950 ரூபாய் வித்தியாசம்.

அந்த வரிக் கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. சேவையின் மதிப்பு 250 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. அதனால் எவ்வளவு சிறிய தொகையை மாற்றினாலும் வரி 45 ரூபாய்க்குக் குறையாது. இருபது யூரோவை மட்டும் மாற்றுபவர் தம் பணத்தில் இரண்டு சதவீதத்துக்கும் மேல் வரியாகவே விடுகிறார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது ஜாக்கிரதையாகத் தோன்றினாலும் நஷ்டம்தான். முதல் நாள் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் விமான நிலையத்தில் மாற்றிக்கொண்டு, மீதியை நகரத்தில் ஒரே தடவையாக மாற்றலாம் என்று தாளில் எழுதுவது நல்லது. மாற்றும்போது கொடுக்கப்படும் என்கேஷ்மென்ட் சான்றிதழைப் பயணம் முடியும்வரை பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கச் சொல்ல வேண்டும். அது எதற்கு உதவும் என்பது ஊருக்குத் திரும்பும் நாளில் தெரியும்.

எண்களை அச்சிடும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியைத்தான் போடுகிறார்கள். 1,500 என்று பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு அது ஒன்றரை. 1,50,000 என்ற நம் லட்சக் கணக்கு எந்த மேல்நாட்டாருக்கும் பழக்கமில்லை. குறிப்புத்தாளில் ஆயிரங்களைக் காற்புள்ளி இல்லாமல் 1500 என்றே போடலாம். லட்சம் வந்தால் எழுத்தில் எழுதிவிடலாம். மாற்று விகிதத்தையும் 99.87 என்று துல்லியமாகப் போடாமல், தேதியோடு, ‘ஏறக்குறைய 100’ என்று முழு எண்ணாகப் போடுவதே நேர்மை. இளநீர் என்ன விலை, ஆட்டோவுக்குக் கேட்கும் தொகை அதிகமா என்று மனக்கணக்குப் போட மட்டுமே அந்த எண். அதை வைத்துக் கவுன்டரில் வாதாட முடியாது.

இனி கார்டு. வெளிநாட்டுக் கார்டை இங்கே பயன்படுத்தினால் மூன்று இடங்களில் பணம் கழியக்கூடும். ரூபாயை யூரோவாக மாற்றும் விகிதத்தை விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் முடிவு செய்கின்றன. அது நடு விலைக்குக் கிட்டத்தட்ட நெருக்கமாகவே இருக்கும். அதன்மேல் கார்டைக் கொடுத்த வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் போடும். சில வங்கிகள் ஒன்றும் வாங்குவதில்லை; பல வங்கிகள் மூன்று சதவீதம் வரை வாங்குகின்றன. மூன்றாவது ஏ.டி.எம். கட்டணம். பணம் எடுத்தால் ஊர் வங்கி ஒரு நிலையான தொகையும், இங்கே ஏ.டி.எம்.மை நடத்தும் வங்கி இன்னொரு தொகையும் வசூலிக்கலாம்.

தம்பதியின் வங்கி இரண்டு சதவீதக் கட்டணமும், ஏ.டி.எம்.மில் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து யூரோவும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்குள்ள வங்கியின் கட்டணம் 250 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் எடுத்தால் கணக்கில் எழுதப்படுவது 10,250 ரூபாய், அதாவது 102.50 யூரோ. அதற்கு இரண்டு சதவீதம் 2.05 யூரோ, நிலையான ஐந்து யூரோ, மொத்தம் 109.55 யூரோ. நூறு யூரோ பெறுமான ரூபாய்க்கு ஒன்பதரை யூரோ செலவு. இதே ஆள் மூவாயிரம் ரூபாய் மட்டும் எடுத்திருந்தால் முப்பது யூரோ பெறுமானத்துக்கு 38.15 யூரோ கழியும். கால்பங்குக்கு மேல் கட்டணமே போய்விடும். ஏ.டி.எம்.மில் அடிக்கடி எடுக்காமல், இயந்திரம் அனுமதிக்கும் அளவுக்கு ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இதுதான் காரணம். பத்தாயிரத்தை ஒரு தடவைக்கான உச்சமாக வைத்திருக்கும் இயந்திரங்கள் நிறைய. குறிப்புத்தாளில் அதையும் சொல்லிவிட்டால், பயணி இருபதாயிரம் கேட்டு, இயந்திரம் மறுத்ததும் தம் கார்டில்தான் ஏதோ கோளாறு என்று பதறமாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணம் வீணாவது வேறோர் இடத்தில். ஓட்டலிலோ பட்டுக்கடையிலோ ஸ்வைப் மெஷின் வெளிநாட்டுக் கார்டைக் கண்டுகொண்டதும், ரூபாயில் கட்டுகிறீர்களா, உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்கும். திரையில் INR ஒரு பக்கம், EUR இன்னொரு பக்கம் தெரியும். ஊர்ப் பணத்தில் எவ்வளவு ஆகும் என்று உடனே தெரிந்துவிடுவதால் பெரும்பாலோர் EUR என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். தொட்ட நொடியில் மாற்று விகிதத்தை முடிவு செய்யும் பொறுப்பு கார்டு வலையமைப்பிடமிருந்து கடையின் பக்கம் உள்ள கட்டண நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அந்த நிறுவனம் நடு விலையின்மேல் தன் லாபத்தை வைத்தே மாற்றும். அதில் ஒரு பங்கு கடைக்கும் போகலாம்.

காஞ்சிபுரத்தில் 18,000 ரூபாய்க்கு ஒரு புடவை என்று கொள்வோம். ரூபாயில் கட்டினால் 180 யூரோ. வங்கிக் கட்டணம் இரண்டு சதவீதம் சேர்ந்து 183.60. யூரோவில் கட்டும்போது மெஷின் ஒரு யூரோவுக்கு 94 ரூபாய் என்று கணக்கிட்டால் 191.49 யூரோ. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று: யூரோவிலேயே கட்டியிருந்தாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் சில வங்கிகள் தம் கட்டணத்தையும் விடாமல் போடும். அப்படிப் போட்டால் 195.32 யூரோ. ஒரே புடவைக்குப் பதினொன்றே முக்கால் யூரோ, ஏறக்குறைய 1,170 ரூபாய் கூடுதல்.

கார்டு வைத்திருப்பவரைக் கேட்காமல் இப்படி மாற்றக்கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் வணிகர்களுக்கு வைத்திருக்கும் விதி. நடைமுறையில் கடைப்பையன் அவசரத்தில் தாமே பொத்தானை அழுத்திவிடுவதும் உண்டு. அது பெரும்பாலும் சூழ்ச்சியல்ல, வெளிநாட்டவருக்கு வெளிநாட்டுப் பணம்தானே வசதி என்ற நினைப்பு. கண்டுபிடிக்கும் வழி எளிது. ரசீதில் ரூபாய்த் தொகையோடு யூரோ தொகையும் ஒரு மாற்று விகிதமும் அச்சாகியிருந்தால் மாற்றம் நடந்துவிட்டது என்று அர்த்தம். ரகசிய எண்ணைப் போடும் முன்னால் திரையைப் படிக்க வேண்டும். போட்ட பிறகு கவனித்தால், கடையை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்து ரூபாயில் மறுபடி போடச் சொல்லலாம். ஓட்டல் அறைக்குத் திரும்பிய பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். அங்கே வார்த்தைகள்தான் மிரட்டும். Accept conversion, Decline conversion என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். Decline என்றால் பணமே வராது என்று பயந்து பயணி மற்றதை அழுத்திவிடுகிறார். உண்மையில் Decline conversion அல்லது Continue without conversion என்பதை அழுத்தினாலும் பணம் வரும். மாற்றும் வேலையை அவருடைய வங்கி பார்த்துக்கொள்ளும். குறிப்புத்தாளில் இந்தத் திரைச் சொற்களை அப்படியே அச்சிட்டு, எதை அழுத்த வேண்டும் என்று காட்டுவது ஒரு பத்தி விளக்கத்தைவிடப் பயன் தரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்றால் ‘எப்போதும் INR’ என்ற வரியைத்தான் போட வேண்டும்.

கார்டு எங்கெல்லாம் செல்லும் என்பதையும் ஊர் நிலவரப்படி சொல்ல வேண்டும். பெரிய ஓட்டல்களிலும் கடைகளிலும் செல்லும். டீக்கடை, ஆட்டோ, பூக்காரம்மா, கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடம் ஆகியவற்றில் கார்டு கிடையாது. எங்கு பார்த்தாலும் க்யூ.ஆர். அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டுத் தம் போனிலிருந்து கட்டலாம் என்று பயணி நினைப்பார். வெளிநாட்டு வங்கிக் கணக்கை நேரே அதில் இணைக்க முடியாது. ஜி20 நாடுகளிலிருந்து வருபவர்களுக்கென்று 2023-இல் தொடங்கிய ‘யு.பி.ஐ. ஒன் வேர்ல்ட்’ என்ற முன்பணப் பை உண்டு. பாஸ்போர்ட், விசா சரிபார்ப்புக்குப் பிறகுதான் கிடைக்கும் என்பதால், பத்து நாள் பயணத்தில் சிலரே அதற்கு மெனக்கெடுகிறார்கள்.

டிப்ஸ் பகுதியில் மேலே சொன்ன கணக்கெல்லாம் மனிதர்களிடம் வந்து சேர்கிறது. அமெரிக்கரிடம் பில்லில் பதினைந்து, இருபது சதவீதம் வைக்கும் பழக்கம் இருக்கும். ஜப்பானியருக்கு டிப்ஸ் கொடுப்பதே கூச்சமான செயல். இருவருக்கும் இங்குள்ள நடைமுறை தெரியாது. சாதாரண மெஸ்ஸில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஏ.சி. உணவகத்தில் பில்லில் ஐந்து முதல் பத்து சதவீதம் வைத்தால் தாராளம். பில்லில் தனியே தெரியும் ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் வரி. பரிமாறியவருக்கு அதில் ஒன்றுமில்லை. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால் அது வேறு. அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம்; கட்டினால் மேலே டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

பெட்டி தூக்கும் பையன், அறையைச் சுத்தம் செய்யும் அம்மா, பிச்சாவரத்தில் துடுப்புப் போடுபவர் ஆகியோருக்கு அப்போதைக்கப்போது சிறு தொகையாகக் கையில் கொடுக்கலாம். நாள்முழுக்கக் கூடவே வரும் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்றாடம் கொடுக்க வேண்டியதில்லை. பயணத்தின் கடைசி நாளில் இருவருக்கும் தனித்தனி உறையில் கொடுப்பது வசதி. ஒரே உறையாக வழிகாட்டியிடம் கொடுத்தால் ஓட்டுநருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும். எவ்வளவு என்பதை நிறுவனமே ஒரு வரம்பாகத் தாளில் எழுதிவிடுவது நல்லது: தலைக்கு இவ்வளவா, குழுவுக்கு இவ்வளவா, ஒரு நாளைக்கா, முழுப் பயணத்துக்கா என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘உங்கள் விருப்பம்’ என்று மட்டும் எழுதினால் மரியாதையாகத் தோன்றும். ஆனால் எட்டுப் பேர் கொண்ட குழு கடைசி நாள் காலையில் ஓட்டல் வரவேற்பறையில் நின்று குசுகுசுவென்று விவாதிக்க, வெளியே வண்டியில் காத்திருப்பவர் பார்க்காததுபோல் இருக்க வேண்டியிருக்கும்.

கோயிலில் அர்ச்சகர் தட்டில் இடுவது டிப்ஸ் அல்ல, அது காணிக்கை. போட வேண்டிய கட்டாயம் இல்லை. சிறப்பு தரிசனம், கேமரா போன்றவற்றுக்குக் கட்டணம் இருந்தால் அதற்குச் சீட்டு உண்டு. சீட்டில்லாமல் யாராவது கேட்டால் மறுக்கலாம் என்று எழுதிவிடலாம்.

டிப்ஸ் எந்தப் பணத்தில் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் உண்மையான தவறு நடக்கிறது. பிரியும் நேரத்தில் பையில் கிடக்கும் யூரோ நாணயங்களை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு யூரோ நாணயம் ஒன்று கொடுத்தால் பதினாறு யூரோ. மேலே சொன்ன கணக்கில் 1,600 ரூபாய். கொடுத்தவர்களுக்கு மனநிறைவு. வாங்கியவருக்கோ அது பணமே இல்லை, ஏனென்றால் நாணயமாற்றுக் கடைகள் நோட்டைத்தான் எடுக்கும், நாணயங்களை எடுப்பதில்லை. அடுத்த ஐரோப்பியக் குழு வரும்வரை அவற்றை டப்பாவில் போட்டு வைத்திருந்து, அவர்களில் ஒருவரிடம் கூச்சத்தோடு கேட்டு நோட்டாக மாற்றிக்கொள்வதுதான் அவருக்குள்ள ஒரே வழி. ஒரு டாலர் நோட்டும் ஏறக்குறைய இப்படித்தான்; சிறிய நோட்டுக்குக் கடைகள் குறைந்த விலை கொடுக்கும், கிழிந்தோ எழுதப்பட்டோ இருந்தால் எடுக்காமலே விடும். ஐந்து யூரோ நோட்டை மாற்றப் போகிற ஓட்டுநர் குறைந்தபட்ச வரி 45 ரூபாயையும் கொடுத்துவிட்டு, பேருந்துச் செலவும் போகத் திரும்பி வர வேண்டும். கொடுக்க நினைத்தவரின் நல்ல மனம் வீணாகாமல் இருக்க, டிப்ஸ் ரூபாய் நோட்டில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும் என்று தாளில் நேராகவே எழுத வேண்டும். வழிகாட்டியால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. தாள்தான் அவருக்காகச் சொல்ல வேண்டும்.

அதற்குச் சில்லறை வேண்டும். ஏ.டி.எம்.களில் வருவது பெரும்பாலும் 500 ரூபாய் நோட்டு. 100, 200 ரூபாய் நோட்டுகளையும் ஏ.டி.எம்.களில் வைக்கும்படி 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பணம் மாற்றும்போதே இரண்டாயிரம் ரூபாய்க்கு நூறு ரூபாய் நோட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நம்பகமான வழி. ஓட்டல் வரவேற்பறையிலும் மாற்றித் தருவார்கள். முந்தைய பயணத்தில் மிஞ்சிய பழைய நோட்டுகளைக் கொண்டு வருபவர்களும் உண்டு: 2016 நவம்பரில் செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் வெறும் காகிதம், 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்ட 2,000 ரூபாய் நோட்டைக் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள்.

கடைசி நாளில் மிஞ்சும் ரூபாயை ஊருக்குக் கொண்டுபோனால் பல நாடுகளில் மாற்றுவது கடினம். மாற்றினாலும் மிகக் குறைந்த விலைக்குத்தான் போகும். புறப்படும் முன் இங்கேயே திருப்பி மாற்றிக்கொள்ளலாம். அப்போதுதான் முதல் நாள் கொடுத்த என்கேஷ்மென்ட் சான்றிதழைக் கேட்பார்கள். அது இல்லாவிட்டால், தக்க காரணம் இருந்து, ஏழு நாளுக்குள் புறப்படுவது உறுதியென்றால், 10,000 ரூபாய் வரை தம் விருப்பப்படி மாற்றித் தர நாணயமாற்று நிலையங்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது. ஏ.டி.எம்.மில் எடுத்த பணமானால், அசல் சீட்டு, பாஸ்போர்ட், விசா, உறுதியான பயணச்சீட்டு ஆகியவற்றைக் காட்டி 50,000 ரூபாய் வரை மாற்றலாம். ஏ.டி.எம். சீட்டை அங்கேயே கசக்கிப் போட்டுவிடுவது எல்லோருக்கும் பழக்கம் என்பதால், ‘சீட்டை வைத்திருங்கள்’ என்ற வரியைத் தாளின் கடைசியில் போடாமல், ஏ.டி.எம். பற்றிய பத்தியிலேயே போட வேண்டும்.